சித்தி மகன் ரெஃபரல் கேட்டால்

சோழிங்கநல்லூரில் ஓர் ஐ.டி. கம்பெனியில் பல வருடமாக வேலை பார்க்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்திலிருந்து சித்தி போன் செய்கிறார். மழை, விலைவாசி, யாருக்கோ நடந்த கண் ஆபரேஷன் எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப் போகும் நேரத்தில்தான் விஷயம் வெளியே வருகிறது. "ஏம்ப்பா, தம்பியோட ரெஸ்யூமை உனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லியிருக்கேன். உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாம்ல. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்ங்கிறான்."

"அனுப்பச் சொல்லுங்க சித்தி, பார்க்கிறேன்."

நம்மில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வோம். வம்பு இந்தப் பதிலில்தான் தொடங்குகிறது. சொன்னவர் மனதில் அது 'இப்போதைக்கு விடுங்கள்'. சித்தி காதில் 'சரி'. சித்தி அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார். பையன் வேறு இடங்களுக்கு விண்ணப்பிப்பதைக் குறைத்துக்கொள்வான். மூன்று வாரம் கழித்து வரும் 'முடியாது', கொடுத்த வாக்கை மீறியதாகத்தான் கணக்கில் எழுதப்படும். உறவுகள் கசந்த கதைகளைக் கேட்டுப் பாருங்கள். மறுத்தான் என்பதைவிட இழுத்தடித்தான் என்ற புகார்தான் அதிகம் வரும்.

ரெஃபரல் என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் மனதில் இருப்பது பழைய சிபாரிசு. மில் மேனேஜருக்கு ஒரு கடிதம், அடுத்த திங்கட்கிழமை வேலை. இன்றைய பெரிய கம்பெனிகளில் அப்படி இல்லை. ஊழியர் தன் கம்பெனியின் இணையதளத்துக்குள் போய், காலியிடத்தின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ரெஸ்யூமை ஏற்றுகிறார். இவரை எப்படித் தெரியும், சேர்ந்து வேலை பார்த்ததுண்டா, உறவினரா என்ற கேள்விகள் பல இடங்களில் வரும். அதன்பின் ரெஸ்யூமை எச்.ஆர். ஆட்கள் கொஞ்சம் முன்னுரிமையோடு பார்ப்பார்கள், அவ்வளவுதான். நேர்காணலில் தேறினால்தான் வேலை. ஆனால் அனுப்பியவர் பெயர் அந்த ரெஸ்யூமோடு ஒட்டிக்கொண்டே போகும். சேர்ந்தவர் சில மாதம் நிலைத்தால் அனுப்பியவருக்கு ஒரு தொகை கிடைப்பதும் உண்டு. உறவுக்காரர்களுக்கு அது எப்படியோ தெரிந்துவிடும். "உனக்கும் பணம் வருமாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

"சும்மா போட்டுவிட்டால் என்ன நஷ்டம்?" என்று தோன்றலாம். நஷ்டம் பையனுக்கும் உண்டு. பல கம்பெனிகளில் ஒருமுறை நேர்காணலில் தோற்றவர் ஆறு மாதம் போல மறுபடி விண்ணப்பிக்க முடியாது. தகுதி கூடாத நேரத்தில் அரை மனதாக அனுப்பினால், தகுதி கூடும் நேரத்தில் அவனுக்குக் கதவு சாத்தியிருக்கும்.

இன்னொரு குறுக்குவழி, போடாமலேயே போட்டுவிட்டேன் என்று சொல்வது. இது சீக்கிரமே அம்பலமாகும். ரெஃபர் செய்தால் பல கம்பெனிகளில் விண்ணப்பதாரருக்குத் தானாகவே ஒரு மெயில் போகும். அவன் நண்பனுக்கு வந்த மெயில் தனக்கு ஏன் வரவில்லை என்று பையன் யோசிக்க மாட்டானா? "இப்போ ஆள் எடுக்கலையாம்" என்ற பொய்யும் நிற்காது. காலியிடங்கள் நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன.

சித்தி மகன் விஷயத்துக்கு வருவோம். மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஊர்ப் பக்கத்து நூற்பு மில்லில் இரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தவன். பிறகு சென்னை வந்து மூன்று மாதம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்திருக்கிறான். ரெஸ்யூமைத் திறந்தால், டெஸ்டிங்கில் இரண்டரை வருட அனுபவம் என்று இருக்கிறது. கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் போட்டிருக்கிறது. மில் வேலை அடியோடு காணோம். அனுபவத்தை விலைக்கு விற்கும் கன்சல்டன்சியின் கைவண்ணம் இது.

இந்த ரெஸ்யூம் எங்கே மாட்டும் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். மில்லில் பி.எஃப். பிடித்திருந்தால், அவன் யு.ஏ.என். எண்ணின் கீழ் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தான், எப்போது விலகினான் என்பது பதிவாகியிருக்கும். பின்னணி சரிபார்ப்பில் அதைக் கேட்பது இப்போது சாதாரணம். டெஸ்டிங் செய்ததாகச் சொல்லும் மாதங்களில் நூற்பு மில் பி.எஃப். கட்டியிருந்தால், ஆஃபர் கடிதம் வந்த பிறகும் வேலை போகும். சேர்ந்த பிறகும்கூடப் போகும். யார் அனுப்பிய ஆள் என்ற கேள்வி அடுத்து வரும். ஆக, இங்கே மறுத்தே ஆக வேண்டும்.

மறுப்பை முதலில் சொல்ல வேண்டியது சித்தியிடம் அல்ல, தம்பியிடம். கேட்டது அம்மாவாக இருந்தாலும் வேலை அவனுடையது. அம்மா வழியாக அவனுக்குப் பதில் போனால், ரெஸ்யூமில் இருக்கும் பொய்யும் அம்மா வழியாகவே போகும். அவன் மானம் வீட்டில் கப்பலேறும். அதன்பின் எந்த உதவியும் அவன் காதில் ஏறாது. ரெஸ்யூம் வந்த இரண்டு மூன்று நாளுக்குள், சாயங்கால நேரத்தில், போனில் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதக் கூடாது. எழுதியதை ஃபார்வர்ட் செய்யலாம், ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், குரலில் இருக்கும் வாஞ்சையை மட்டும் எழுத்தில் காட்ட முடியாது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகிற வழியில் யாராவது கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுவிட வேண்டும்.

பேச்சு இப்படிப் போகலாம்:

"தம்பி, ரெஸ்யூம் பார்த்தேன். இதை நான் ரெஃபர் பண்ணல. முதல்லயே சொல்லிடுறேன், நீ காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு."

"ஏண்ணே?"

"இந்த ரெண்டரை வருஷம் வெரிஃபிகேஷன்ல நிக்காதுடா. மில்லுல உனக்கு பி.எஃப். இருந்துச்சுல்ல?"

"கன்சல்டன்சியில பார்த்துக்கலாம்னாங்கண்ணே. எல்லாரும் போடுறாங்க."

"போடுறாங்க, சரி. மாட்டினவன் அதை வெளிய சொல்ல மாட்டான். நான் அனுப்பினா என் பேரும் சேர்ந்து போகும். அம்மாகிட்ட இதைப் பத்தி நான் பேச மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீடியோ கால்ல வா, உண்மையா ஒரு ரெஸ்யூம் எழுதுவோம்."

மறுப்பு முதல் மூச்சிலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். கால் மணி நேரம் குசலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் சொன்னால், அதுவரை பேசியதெல்லாம் நடிப்பாகத் தெரியும்.

சித்தியிடம் சொல்வது வேறு. "சித்தி, தம்பிகிட்ட பேசிட்டேன். இந்த வேலைக்கு அவங்க கேக்குற அனுபவம் வேற. நான் அனுப்பல. ஆனா ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து ரெஸ்யூம் சரி பண்றோம்." இதில் பொய் எதுவும் இல்லை, பையனைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

இந்த இடத்தில் சித்தி பழைய கணக்கை எடுக்கலாம். "நீ காலேஜ் சேர்ந்தப்ப ஹாஸ்டல் ஃபீஸ் யாருப்பா கட்டினா?" நம் குடும்பங்களில் ரெஃபரல் கேட்பவர் பல நேரம் கேட்பது கடனைத்தான். அப்படி ஒரு கடன் உண்மையிலேயே இருந்தால், அதை மழுப்புவது மகா தப்பு. "நீங்க கட்டினது எனக்கு மறக்கல சித்தி" என்று ஒப்புக்கொண்டு, வேறு வழியில் அடைக்கப் பார்க்க வேண்டும். நேர்காணலுக்காகச் சென்னை வரும் பையனுக்குப் பெரிய செலவு தங்குமிடம். இரண்டு மாதம் தன் வீட்டில் தங்கவைக்க முடிந்தால், அது ஒரு ரெஃபரலைவிடப் பெரிய உதவி. வீட்டில் இடமில்லை என்றால் ஒரு மாத விடுதி வாடகை. முடிந்த ஒன்றைச் சொல்லி, சொன்ன தேதியில் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உட்காரும்போது மில் வேலை மறுபடி ரெஸ்யூமுக்குள் வரும். ஷிப்ட் ரிப்போர்ட், நூல் தரப் பரிசோதனை, இயந்திரம் நின்ற நேரக் கணக்கு எல்லாம் அவனுக்கு அத்துப்படி. மில்களுக்கு மென்பொருள் செய்து தரும் சிறு கம்பெனிகள் கோவை, திருப்பூர் பக்கம் உண்டு. மில்லின் உள்ளே நின்று பார்த்த ஒருவன், மூன்று மாதக் கோர்ஸ் மட்டும் முடித்தவனைவிட அங்கே ஒரு படி மேல்.

அந்தக் கம்பெனிகளுக்கு வழி அண்ணனிடம் இருக்காது. மில்லில் அவனோடு வேலை பார்த்தவர்களிடம் இருக்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 100க்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்த்தவர், அரிதாகப் பார்த்தவர் வழியாகத்தான் வேலை வந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி சற்று தள்ளி இருப்பவர்களிடம்தான் இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். பழைய ஷிப்ட் இன்ஜினியர், மில்லுக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர் என்று ஒரு பத்துப் பெயரைத் தம்பியை எழுதவைத்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை வீணாகவில்லை.

நண்பர் கேட்டால் கதை வேறு. கூட வேலை பார்த்தவர், வேலையில் சோம்பல் என்று தெரியும். அவர் கேட்காமல் அவர் வேலையைப் பற்றி மதிப்புரை வழங்க வேண்டாம். "என் டீமுக்கு ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிடுறதில்லடா, கூப்பிட்டா ரெண்டும் கெட்டுப்போகுது" என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால் மட்டும். அடுத்த மாதம் இன்னொரு நண்பரைச் சேர்த்துவிட்டால், அவர் புதுவேலையில் சேர்ந்த செய்தியை மறுக்கப்பட்டவர் லிங்க்ட்இன்னில் பார்த்துவிடுவார். வேறு நண்பர்களை அனுப்பும் எண்ணம் இருந்தால், "இந்த வேலைக்கு உன்னை என்னால உறுதியா சொல்ல முடியல" என்பதோடு நிறுத்துவதே நல்லது. ஏன் என்று அவர் கேட்டால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லலாம். பட்டியல் போடக் கூடாது.

மறுத்த பிறகு வரும் முதல் ஒரு மாதம் முக்கியம். மறுத்தவர் கூச்சத்தில் ஒதுங்குவார், குடும்ப குரூப்பில் பேச்சு மூச்சு இருக்காது. அங்கே அதற்கு 'தலைக்கனம்' என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். அதனால் அடுத்த போன் மறுத்தவர்தான் செய்ய வேண்டும், அதில் வேலைப் பேச்சு வேண்டாம். சித்தப்பாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும். காதுகுத்து வந்தால் மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பாமல் நேரில் போய் வைக்க வேண்டும்.

ஒரு வருடம் கழித்து, அந்த உண்மையான ரெஸ்யூமுக்குப் பொருந்தும் இடம் கம்பெனியில் வந்தால், அவன் கேட்கும் முன்பே கூப்பிடலாம். ஆனால் போர்ட்டலில் ஏற்றும் முன் அவனிடம் ஒன்று கேட்க வேண்டும்: இதே கம்பெனிக்குச் சமீபத்தில் நேரடியாகவோ கன்சல்டன்சி மூலமாகவோ விண்ணப்பித்தாயா? பித்திருந்தால் பல இடங்களில் ரெஃபரல் செல்லாது. இல்லை என்றால், எப்படித் தெரியும் என்ற கட்டத்தில் உள்ளதை எழுதலாம்: என் சித்தி மகன், சேர்ந்து வேலை பார்த்ததில்லை, நூற்பு மில்லில் இரண்டு வருடம் இருந்தவர், அது ரெஸ்யூமில் இருக்கிறது.