கழன்ற அட்டைக்குக் கைவைத்தியம்

தடித்த அகராதியை அலமாரியில் நிமிர்த்தி வைத்தால் அதன் அட்டைதான் பலகையில் நிற்கும். உள்ளே இருக்கும் தாள்கட்டு சில மில்லிமீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்கும். அதைத் தாங்குவது முதுகில் ஒட்டிய வலைத்துணியும் முகப்பு ஒட்டுத்தாளும் மட்டுமே. ஆண்டுக்கணக்கில் பாரம் இழுக்க, அட்டை மடங்கும் கீல் பகுதியில் பசை விட்டுப்போகும்.

புத்தகத்தை நிறுத்தி, அட்டையை லேசாகத் திறந்து மேலிருந்து பாருங்கள். ஒட்டுத்தாளுக்கும் அட்டைக்கும் நடுவே கீலோரம் இடைவெளி தெரிந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் அமிலமற்ற பிவிஏ பசையை மெல்லிசாகத் தடவி, தாளில் படாமல் இடைவெளிக்குள் விட்டு உருட்ட வேண்டும். தலைகீழாக்கி மறுமுனையிலும் அப்படியே. பசை அதிகமானால் பிதுங்கிப் பக்கங்களை ஒட்டிவிடும். அதனால் அட்டைக்குள் பட்டர் பேப்பர் வைத்து மூடுங்கள். வெளிப்பள்ளங்களில் ஊசிகளைப் பதித்து, மேலே கனம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள்.

ஒட்டுத்தாள் மட்டும் கிழிந்திருந்தால், இரண்டு சென்டிமீட்டர் அகல ஜப்பானியத் தாளை நீளவாக்கில் மடித்து, மைதாப் பசையால் கிழிசல்மீது ஒட்டலாம். காயும்வரை அட்டை பாதி திறந்திருக்கட்டும்.

செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை பழுத்து, தாளில் நிரந்தரக் கறையாகும்.

வலைத்துணியே கிழிந்து தையல்நூலும் அறுந்திருந்தால் பைண்டரிடம் கொடுங்கள். அரிய பழம்பதிப்புகளில் பிவிஏ பசையைத் தொடாதீர்கள். ஒட்டினால் பிரிப்பது கடினம்.