அடிக்கடி கை கழுவுவோருக்கு வரும் நகச்சுற்று: பூஞ்சைக் களிம்பு ஏன் பெரும்பாலும் பலன் தருவதில்லை?

புது தில்லி: மருத்துவமனை வார்டில் பணியாற்றும் செவிலியரும், உணவகச் சமையற்கூடத்தில் பணியாற்றும் சமையலரும் ஒரே பணிநேரத்தில் பல பத்து முறை கை கழுவ வேண்டியுள்ளது. அதைக் குறைத்துக்கொள்ள இருவராலும் இயலாது. சில மாதங்களில் புறங்கை வறண்டு, விரலிடுக்குகள் சிவந்து, விரல் கணுக்களில் வெடிப்பு தோன்றுகிறது. சமையலருக்குக் கூடுதலாக நகத்தின் அடிச்சதை வீங்கி, நாள்பட்ட நகச்சுற்றாக மாறுகிறது.

அப்போது பலர் இரண்டு தீர்வுகளை நாடுகின்றனர். செவிலியர் எரிச்சல் தரும் சானிடைசரைக் கைவிட்டுச் சோப்புக்குத் திரும்புகிறார். சமையலர் மருந்துக்கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கி மாதக்கணக்கில் தடவுகிறார். முதலாவது பாதிப்பை அதிகப்படுத்துகிறது. இரண்டாவது பெரும்பாலும் நோயின் காரணத்தைத் தொடுவதே இல்லை.

சோப்பு எடுத்துச் செல்வது என்ன?

தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அவற்றைச் செங்கற்கள் எனக் கொண்டால், இடையிலுள்ள கொழுப்புப் பொருள்களே சாந்து. உடலின் ஈரம் வெளியேறாமலும், வெளியிலுள்ள வேதிப்பொருள்கள் உள்ளே புகாமலும் தடுப்பது அந்தச் சாந்துதான். பாத்திரத்தின் எண்ணெய்ப்பிசுக்கை நீக்கும் அதே வேலையைத்தான் சோப்பு தோலிலும் செய்கிறது. அழுக்கோடு இந்தக் கொழுப்பும் கரைந்து போகிறது. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்று அமிலத்தன்மை கொண்டது. சாதாரணச் சோப்புக்கட்டியும் பாத்திரம் துலக்கும் தூளும் காரத்தன்மை கொண்டவை என்பதால் பாதிப்பு மேலும் கூடுகிறது. வெந்நீர் பயன்படுத்தினால் கொழுப்பு இன்னும் விரைவாக வெளியேறும்.

இழந்த கொழுப்பைத் தோல் தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். ஆனால், அதற்குப் பல மணி நேரம் தேவை. அரை மணிக்கொரு முறை கை கழுவுவோருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தில்லி போன்ற நகரங்களில் குளிர்கால வறண்ட காற்றும் சேர்ந்துகொள்வதால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெடிப்புகள் அதிகமாகின்றன. இவ்வாறு தோன்றும் தோலழற்சி ஒவ்வாமை அல்ல. யாருக்கு வேண்டுமானாலும் வரக்கூடிய தேய்மானக் காயம்.

எரிச்சலுக்குக் காரணம் சானிடைசரா?

வெடித்த கையில் ஆல்கஹால் பட்டால் சுரீரென்று எரியும். எனவே, சானிடைசர்தான் தோலைக் கெடுக்கிறது என்ற முடிவுக்குச் செவிலியர் வருவது இயல்பு. உண்மையில், அந்த எரிச்சல் தோல் ஏற்கெனவே வெடித்திருப்பதைக் காட்டும் அறிகுறி. வெடிப்பை உண்டாக்கியது பெரும்பாலும் சோப்பும் தண்ணீரும்தான். ஆல்கஹாலும் ஓரளவு கொழுப்பைக் கரைக்கும் என்றாலும், அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை என்பதால் கொழுப்பின் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது. உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் கலவையில் கைகள் வறளாமல் இருக்க 1.45 சதவீத கிளிசரால் சேர்க்கப்படுகிறது.

அந்த அமைப்பு 2009-இல் வெளியிட்ட கைச் சுகாதார வழிகாட்டுதலும் இதே திசையில்தான் செல்கிறது. கைகளில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரியாதபோது ஆல்கஹால் கரைசலை 20 முதல் 30 விநாடிகள் தேய்த்தால் போதும். அழுக்கு தெரியும்போதும், கழிவறைக்குச் சென்று வந்த பிறகும், ஆல்கஹாலுக்கு அழியாத வித்துகளை உருவாக்கும் கிருமியால் வயிற்றுப்போக்கு ஏற்பட்ட நோயாளியைக் கவனித்த பிறகும் சோப்பும் தண்ணீரும் தேவை. சோப்பால் கழுவிய உடனே சானிடைசரையும் தேய்ப்பது பல வார்டுகளில் காணப்படும் பழக்கம். கூடுதல் பாதுகாப்பு என எண்ணிச் செய்யப்படும் இது, வழக்கமான பணிகளில் தேவையற்றது; தோலழற்சிக்கும் வழிவகுக்கும்.

தோல் ஆறத் தொடங்கியதும் எரிச்சல் குறைந்துவிடும். குறையாமல், கையுறை முடியும் மணிக்கட்டு வரை கோடு போட்டாற்போல் அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றினால், கையுறையின் ரப்பரில் சேர்க்கப்படும் வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை இருக்கலாம். அதைத் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து கண்டறிவார். கையுறை அணிந்த சில நிமிடங்களிலேயே தடிப்பும் தும்மலும் வந்தால் அது லேடெக்ஸ் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். அத்தகையவர் லேடெக்ஸ் கையுறையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும்.

நகத்தின் முத்திரை உடையும்போது

நகமும் அதன் அடிச்சதையும் சேரும் இடத்தில், நகத்தின் மீது ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோல்விளிம்பு ஒன்று உண்டு. அழகு நிலையங்களில் தேவையற்றதென வெட்டி எடுக்கப்படுவது இதுதான். உண்மையில் அது, நகத்தின் வேருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் முத்திரை. கை ஓயாமல் நனைந்திருந்தால் இந்த விளிம்பு ஊறி உரிந்துவிடுகிறது. பின்னர் சோப்புநீர், மாவு, தக்காளிச் சாறு, மிளகாய்க் காரம் அனைத்தும் அந்த இடைவெளியில் புகுந்து தங்குகின்றன. சதை வீங்க வீங்க இடைவெளி பெரிதாகிறது. இடைவெளி பெரிதாக மேலும் நீர் புகுகிறது.

தில்லியில் ஒரு விடுதியின் சமையற்கூடத்தில் பணியாற்றும், வலது கைப் பழக்கமுள்ள ஒரு சமையலரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். காலையில் பூண்டும் இஞ்சியும் உரிக்கிறார்; மாவு பிசைகிறார்; இடையிடையே பாத்திரமும் துலக்குகிறார். இரண்டு மாதங்களாக அவரது இடது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல் நகங்களின் அடிச்சதை சிவந்து உப்பியுள்ளது. அழுத்தினால் வலிக்கிறது, சீழ் இல்லை. தோல்விளிம்பைக் காணவில்லை. நடுவிரல் நகத்தில் குறுக்காக ஒரு பள்ளம் தெரிகிறது. அதே கையின் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் உலர்ந்து வெடித்துள்ளன.

இந்த விவரங்கள் ஒவ்வொன்றும் ஒரு தகவலைத் தருகின்றன. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். பள்ளம் நகத்தின் அடியிலிருந்து 5 அல்லது 6 மில்லிமீட்டர் தொலைவில் இருந்தால், நகவேர் பாதிக்கப்பட்டு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகின்றன. ஆறு வாரங்களைக் கடந்துவிட்டதால் இது நாள்பட்ட நகச்சுற்று. திடீரென வந்து, விண்விண்ணென்று தெறித்து, இரண்டொரு நாளில் சீழ்கட்டும் நகச்சுற்று வேறு. அதைப் பெரும்பாலும் பாக்டீரியா உண்டாக்குகிறது. இடது கையின் மூன்று விரல் நுனிகளில் மட்டும் வெடிப்பு இருப்பது பூண்டைச் சுட்டுகிறது. வலது கை கத்தியைப் பிடிக்க, பூண்டுப் பல்லைப் பிடிப்பவை அந்த மூன்று விரல்கள்தாம்.

அவருடைய நகக்கண்ணிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தால் கேண்டிடா என்னும் பூஞ்சை தென்பட வாய்ப்புண்டு. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். நாள்பட்ட நகச்சுற்று பூஞ்சை நோய் என்றே மருத்துவத் துறையும் நீண்ட காலம் கருதி வந்தது. ஈரமான இடைவெளியில் பூஞ்சை குடியேறுவது உண்மை. ஆனால் பெரும்பாலான நோயாளிகளிடம் அது பின்னர் வந்த விருந்தாளியே. இத்தாலிய மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டு ஆய்வில், பூஞ்சைக்கு எதிரான மாத்திரைகளை உட்கொண்டவர்களைவிட ஸ்டீராய்டு களிம்பு தடவியவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது. தற்போது இந்நோய் முதன்மையாக ஒரு தோலழற்சியாகவே கருதப்படுகிறது.

ஆகவே, மருத்துவர் அந்தச் சமையலருக்கு ஒரு ஸ்டீராய்டு களிம்பைச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரக்கூடும். தேவை எனில் பூஞ்சை மருந்தையும் சேர்ப்பார். இந்தக் களிம்பைத் தாமாக வாங்கித் தொடர்வது கூடாது. நீண்ட நாள் தடவினால் தோல் மெலிந்துவிடும் என்பதாலேயே, இவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு மத்திய அரசு 2018-இல் கட்டுப்பாடு விதித்தது. எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகிக்கொள்ளும் பழைய வைத்தியமும் இங்கு உதவாது. அழற்சியுற்ற தோலில் எலுமிச்சையின் அமிலம் புண்ணை அதிகப்படுத்தும்.

மருந்தைவிட முக்கியமானது விரலை உலர்வாக வைப்பது. பாத்திரம் துலக்கும்போதும் காய்கறி நறுக்கும்போதும் மெல்லிய பருத்தி உறையை முதலில் அணிந்து, அதன்மீது நைட்ரைல் அல்லது வினைல் கையுறையை அணியலாம். ஈரக் கையில் கையுறை மாட்டக் கூடாது. வியர்வையால் பருத்தி உறை நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். நனைந்த உறைக்குள் இருக்கும் கை, தண்ணீரில் ஊறும் கையைப் போன்றதுதான். தீயருகே வேலை செய்யும்போது கையுறை உருகி ஒட்டிக்கொள்ளும் அபாயம் உள்ளதால் அதைக் கழற்றிவிட வேண்டும். கை கழுவியபின் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, விரலிடுக்குகளையும் மோதிரத்தின் அடியையும் உலர்த்துவது அவசியம்.

எவ்வளவு, எப்போது தடவுவது?

பலர் ஈரப்பசைக் களிம்பை மிகக் குறைவாகவே பயன்படுத்துகின்றனர். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு ஏறக்குறைய அரை கிராம். ஒரு கையின் இருபுறமும் பூச அது போதும். இரண்டு கைகளுக்கு ஒரு கிராம். பணி தொடங்கும் முன்பும், இடைவேளையிலும், பணி முடிந்த பின்பும், உறங்கச் செல்லும்போதும் பூச வேண்டும். புறங்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் நகக்கண்களிலும் அழுத்தித் தேய்ப்பது தேவை.

உறங்கும்முன் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசிப் பருத்தி உறை அணிந்துகொள்வது வெடிப்புகளுக்கு நல்ல பலன் தரும். பணிநேரத்தில் செவிலியர் அதைத் தவிர்க்க வேண்டும். பெட்ரோலியம் சார்ந்த பொருள்கள் லேடெக்ஸ் கையுறையை வலுவிழக்கச் செய்யும். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் வழியே நோயாளியின் இரத்தம் கையில் படக்கூடும். அந்நேரத்தில் எண்ணெய்ப்பசை குறைந்த, வாசனை சேர்க்காத களிம்பே ஏற்றது. நகத்தைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். தோல்விளிம்பை வெட்டவோ பின்னுக்குத் தள்ளவோ கூடாது.

வீக்கம் சில வாரங்களில் வற்றினாலும் தோல்விளிம்பு மீண்டும் நகத்தோடு ஒட்டிக்கொள்ள ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகலாம். வலி நின்றதும் கையுறையைக் கைவிடுவதே நோய் திரும்ப வருவதற்கு முதன்மைக் காரணம். நகத்தின் ஓரம் பச்சை கலந்த கருமையாக மாறினால் ஈரத்தில் வளரும் மற்றொரு பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். சீழ், காய்ச்சல், விரலிலிருந்து கை நோக்கிப் பரவும் சிவப்புக்கோடு ஆகியவை தென்பட்டால் அன்றைய தினமே மருத்துவரைக் காண வேண்டும். முறையான சிகிச்சைக்குப் பின்னரும் ஒரே ஒரு விரலில் மட்டும் புண் ஆறாமல் நீடித்தால், அரிதாகத் தோல் புற்றுநோயும் அவ்வாறு தோன்றக்கூடும் என்பதால் திசுப் பரிசோதனை செய்யப்படும்.

கையில் திறந்த புண் உள்ளவர் உணவைக் கையாளக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறை. சீழ்ப் புண்ணிலுள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா உணவில் கலந்து உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாது. தினக்கூலி பெறும் சமையலர் வேலையை இழக்க அஞ்சிப் புண்ணை மறைப்பதற்கும் இவ்விதியே காரணமாகிவிடுகிறது. அவரை வீட்டுக்கு அனுப்பாமல், புண் ஆறும் வரை மூட்டை கணக்கெடுப்பு, பொருள் வாங்குதல் போன்ற உணவைத் தொடாத, நனையாத வேலைக்கு மாற்றினால் விதியும் மீறப்படாது. விரலுக்குத் தேவையான உலர்ந்த வாரங்களும் கிடைக்கும்.