ரூபாய்க்கு நாற்பது காசு

வியாபாரி ஒருவர் ஐ.பி. கொடுத்துவிட்டார் என்ற செய்தி பரவியதும் கடன் கொடுத்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: நமக்கு எவ்வளவு தேறும்? சந்தையில் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். ஆனால் அதற்கான பதில் இரண்டு தாள்களில் இருக்கிறது. ஒன்று நிலை அறிக்கை, மற்றது பற்றாக்குறைக் கணக்கு.

சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று மாநகரங்களில் தனிநபர் நொடிப்புக்கு இன்றும் 1909ஆம் ஆண்டின் சட்டமே வழிகாட்டி. மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். ஒருவரை நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவருடைய சொத்து அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. சென்னையில் அது உயர் நீதிமன்றத்தின் அஃபிஷியல் அசைனி பொறுப்பிலும், மாவட்டங்களில் அஃபிஷியல் ரிசீவர் பொறுப்பிலும் சேரும். சொத்து, கடன் விவரங்களை வியாபாரி பிரமாணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். சென்னையில் அதற்கு 30 நாள் கெடு.

சென்னை கோடவுன் தெருவில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியை வைத்துப் பார்ப்போம். ஆளும் தொகையும் கற்பனை, கணக்குப் போடும் முறை உண்மை. அவருடைய பேரேட்டின்படி வீடு 20 லட்சம், லோடு வண்டி 3 லட்சம், சரக்கு 10 லட்சம், வெளியில் வரவேண்டிய பாக்கி 8 லட்சம், மேசை நாற்காலி ரேக்குகள் 1 லட்சம், கையில் ரொக்கம் 10,000. மொத்தம் 42 லட்சத்து 10 ஆயிரம். கடனோ 51 லட்சம். அப்படியானால் துண்டு விழுவது 9 லட்சத்துக்கும் குறைவு என்று தோன்றும்.

நிலை அறிக்கை இந்தப் பேரேட்டு விலைகளை ஏற்றுக்கொள்வதில்லை. இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதே அதன் கேள்வி. இருப்புநிலைக் குறிப்பு, கடை நாளையும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்படுகிறது. இது கடை மூடிய பிறகு எழுதப்படுவது. போன வருடத்து டிசைனில் வந்த சேலையை மொத்தமாக ஏலத்தில் எடுப்பவர் பாதி விலைதான் கேட்பார், எனவே சரக்கு 5 லட்சம். வெளிப் பாக்கி 8 லட்சத்தில் 3 லட்சம் உறுதியாக வரும், 2 லட்சம் சந்தேகம், 3 லட்சம் வராக்கடன். சந்தேகத்தில் பாதியைச் சேர்த்தால் 4 லட்சம். சாமான்கள் 40,000. ரொக்கத்தோடு சேர்த்தால் எந்த அடமானத்திலும் சிக்காத சொத்து 9 லட்சத்து 50 ஆயிரம்.

வியாபாரி தனி ஆள் என்பதால் கடைச் சொத்து, வீட்டுச் சொத்து என்ற பிரிவினை இங்கே கிடையாது. இரண்டும் ஒரே அறிக்கையில் வந்துவிடும். மனைவி தன் சீதனப் பணத்திலிருந்து கடன் தந்திருந்தால் அவரும் மற்றக் கடன்காரர்களில் ஒருவராக நிற்கலாம்.

வீடு வங்கியில் 15 லட்சத்துக்கு அடமானத்தில் இருக்கிறது. விற்றால் 20 லட்சம் வரும். வங்கி தன் பணத்தை முழுதாக எடுத்துக்கொள்ள, மிஞ்சும் 5 லட்சம் பொதுப் பணத்தில் சேரும். வண்டியின் கதை வேறு. பைனான்ஸ் கடன் 3 லட்சம், வண்டியோ 2 லட்சம்தான் பெறும். பைனான்ஸ்காரர் வண்டியை விற்று 2 லட்சத்தை எடுத்துக்கொள்ளலாம். பாக்கி 1 லட்சத்துக்கு அவரும் பிணையில்லாத கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஆக, பொதுப் பணம் 14 லட்சத்து 50 ஆயிரம். இதில் முதல் கை வைப்பவர்கள் முன்னுரிமைக் கடன்காரர்கள். அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சேரவேண்டிய பாக்கி, மனு கொடுப்பதற்கு முந்தைய நான்கு மாதச் சம்பள பாக்கி, ஒரு மாதக் கடை வாடகை ஆகியவற்றை 1909ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வரிசையில் வைக்கிறது. நம் வியாபாரியின் வரி பாக்கி 1,09,400. மூன்று மாத வாடகை 1,20,000 நிற்கிறது, அதில் ஒரு மாதத்துக்கான 40,000 மட்டும் முன்னுரிமை பெறும்.

சம்பளத்துக்கு வரும்போது மனம் கசக்கிறது. கணக்குப்பிள்ளைக்கு 40,000 பாக்கி. கடைப் பையன்கள் மூவருக்குத் தலைக்கு 30,000. சட்டம் கணக்குப்பிள்ளைக்குத் தரும் முன்னுரிமை 300 ரூபாய்க்குள், பணியாளருக்கு 100 ரூபாய்க்குள். 1909இல் அது மாதக்கணக்கான சம்பளம். 1920ஆம் ஆண்டுச் சட்டத்திலோ தலைக்கு வெறும் 20 ரூபாய். எண்களை மாற்றாமல் விட்டதால், உழைத்தவனைக் காப்பதற்காக எழுதிய பிரிவு இன்று அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைத்தான் தருகிறது. வரிக்கு உச்சவரம்பு இல்லை, வாடகைக்கு ஒரு மாதம் முழுசாகக் கிடைக்கிறது, சம்பளத்துக்கு மட்டும் நூற்றாண்டு பழைய கணக்கு. இதை நியாயம் என்று என்னால் எழுத முடியவில்லை.

முன்னுரிமைக் கடன் மொத்தம் 1 லட்சத்து 50 ஆயிரம். அது போக மீதி 13 லட்சம். இதற்காகக் காத்திருப்பவர்கள்: மில்களும் ஏஜென்ட்டுகளும் 23,40,600, கைமாற்றுக் கொடுத்தவர்கள் 6 லட்சம், வண்டி பைனான்ஸ் 1 லட்சம், வாடகை மிச்சம் 80,000, முன்னுரிமை போக நிற்கும் சம்பளம் 1,29,400. கூட்டினால் 32 லட்சத்து 50 ஆயிரம். யார் முதலில் கடன் கொடுத்தார், யார் முதலில் ஓடிவந்தார் என்பதெல்லாம் எடுபடாது. எல்லோருக்கும் ஒரே விகிதம்: ரூபாய்க்கு 40 காசு. கடைப் பையன் ஒருவருக்கு முன்னுரிமை 100 ரூபாயும், மீதி 29,900க்கு 11,960 ரூபாயும் சேர்த்து 12,060 கிடைக்கும். அதுவும் காகிதக் கணக்குதான். விற்பனைச் செலவும் நிர்வாகச் செலவும் எல்லாருக்கும் முன்பே கழிக்கப்படும். எனவே கடைசியில் கைக்கு வருவது இதைவிடக் குறையும்.

துண்டு விழுந்தது 19 லட்சத்து 50 ஆயிரம். பேரேடு சொன்ன தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தப் பணம் எங்கே போயிற்று என்று சொல்வதே பற்றாக்குறைக் கணக்கின் வேலை. சாதாரணமாக ஒரு வருடம் பின்னால் போய்த் தொடங்குவார்கள். அன்று வியாபாரியின் சொந்த முதல் 4 லட்சம் இருந்தது. அதன் பிறகு வியாபார நஷ்டம் 4 லட்சம், வீட்டுச் செலவுக்கு எடுத்தது 4 லட்சத்து 90 ஆயிரம், பங்குச் சந்தை ஊக பேரத்தில் போனது 4 லட்சம். சொத்துகளை இன்றைய விலைக்கு இறக்கியதில் சரக்கில் 5 லட்சமும் வெளிப் பாக்கியில் 4 லட்சமும் வண்டியில் 1 லட்சமும் சாமான்களில் 60,000மும் கரைந்தன. கரைந்தவை எல்லாம் 23 லட்சத்து 50 ஆயிரம். அதில் முதல் 4 லட்சத்தைக் கழித்தால் அதே 19 லட்சத்து 50 ஆயிரம் வருகிறது.

இரண்டு தாள்களும் ஒரே தொகையில் வந்து நிற்கவேண்டும். பற்றாக்குறைக் கணக்கில் 15 லட்சத்துக்குத்தான் காரணம் காட்ட முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 4 லட்சத்து 50 ஆயிரம் எங்கே என்று அஃபிஷியல் அசைனி கேட்பார். எழுதாத விற்பனையாக இருக்கலாம், உறவினர் கிடங்குக்குப் போன சரக்காக இருக்கலாம், பொய்யாகச் சேர்த்த கடனாகவும் இருக்கலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில், மற்றவர்களை விட்டுவிட்டு ஒரே ஒருவருக்குச் சலுகையாக வேண்டுமென்றே கடனைத் தீர்த்திருந்தால், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிப் பொதுவில் சேர்க்க வழி உண்டு. விலையின்றி எழுதிக் கொடுத்த சொத்தானால் இரண்டு வருடம் வரை பின்னோக்கித் தோண்டலாம்.

கணக்கு சரியாக ஒத்துப்போனாலும் அதில் உள்ள வரிகள் பின்னால் பேசும். கடனிலிருந்து விடுதலை கேட்டு வியாபாரி நீதிமன்றத்துக்கு வரும்போது, முறையான பேரேடு வைத்திருந்தாரா, கண்மூடித்தனமான ஊக பேரத்தில் இறங்கினாரா, வருமானத்துக்கு மீறிச் செலவழித்தாரா என்று பார்க்கப்படும். ஊக பேரத்தில் போன அந்த 4 லட்சத்துக்கு நம் வியாபாரி அங்கே பதில் சொல்லியாக வேண்டும். அதற்கேற்ப விடுதலை தள்ளிப்போகலாம், நிபந்தனையோடு வரலாம், மறுக்கவும் படலாம்.

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி ஒன்று இருக்கிறது. அதன்படி தொழிலாளருக்கு 24 மாதச் சம்பள பாக்கி முன் வரிசையில் வருகிறது, அரசு வரி அதற்குப் பின்னால் போகிறது. நம் கடைப் பையன்களுக்கு அது பொருந்தினால் தலைக்கு 30,000 முழுதாகக் கிடைத்திருக்கும். ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் தந்தவர்களுக்கு மட்டுமே. கோடவுன் தெருவில் சொந்தப் பெயரில் கடை நடத்தும் வியாபாரியும் அவரிடம் வேலை செய்தவர்களும் பழைய சட்டத்தின் 100 ரூபாய்க்குள்தான் இருக்கிறார்கள்.