பதறவும் வைக்காமல், படுத்துறங்கவும் விடாமல்: நோய் அறிவித்தலைத் தமிழில் எழுதுவது எப்படி?

2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்குப் பின்னர், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் உயிரிழந்தனர். காரணம் தெரியும் முன்னரே 'மர்மக் காய்ச்சல்' என்ற பெயர் கைபேசிகள் வழியாக ஊரெங்கும் பரவிவிட்டது. பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது.

சுகாதாரத் துறை சொல்ல வந்தது 'காரணம் இன்னும் உறுதியாகவில்லை' என்பதுதான். அது 'மர்மம்' என்று மாறியதும் மக்கள் மனதில் பேயும் சாபமும் புகுந்துகொள்கின்றன. 'என்ன காய்ச்சல் என்று பரிசோதிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தால் அதே செய்தி பதற்றமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த எலிக்காய்ச்சலை வைத்தே மண்கும்பானில் என் ஆசிரிய மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஆங்கில அறிவித்தல் ஒன்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படி வரும்:

"எலிக்காய்ச்சல் உயிராபத்தை விளைவிக்கும் ஒரு தொற்றுநோயாகும். மாசடைந்த நீருக்கு வெளிப்படுத்தப்பட்டவர்கள் காய்ச்சல் ஏற்படின் உடனடியாக மருத்துவ ஆலோசனையை நாடுதல் வேண்டும்."

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் நான்கு இடங்களில் இது வாசகரை வழிதவற விடுகிறது.

முதலாவது 'தொற்றுநோய்'. இந்தச் சொல்லைக் கேட்டதும் ஆளிலிருந்து ஆளுக்கு ஒட்டும் நோய் என்றே விளங்கிக்கொள்வோம். கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதைப் பார்த்த நம் மக்களுக்கு அந்தச் சொல் இன்னும் சுடும். நோயாளியின் வீட்டுக்குப் போகத் தயங்குவார்கள், நோயை மறைப்பார்கள். எலிக்காய்ச்சலோ எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீர் கலந்த நீர் அல்லது சேற்றிலிருந்து, தோலிலுள்ள காயம், கண், வாய் வழியாக உடலுக்குள் புகுகிறது. ஆளிலிருந்து ஆளுக்குச் சாதாரணமாகப் பரவுவதில்லை. அறிவித்தலில் இந்த ஒரு வரி இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாவது 'மாசடைந்த நீர்'. இதை வாசிப்பவர் நாற்றமெடுக்கும் கானைத்தான் நினைப்பார். வயலில் தேங்கி நிற்கும் தெளிந்த மழைநீர் அவர் நினைவுக்கு வராது. ஆகவே 'வயல், குளம், வெள்ளம் நின்ற வளவு' என்று இடத்தின் பெயரையே சொல்ல வேண்டும். 'வெளிப்படுத்தப்பட்டவர்கள்' என்பதற்குப் பதிலாக 'இறங்கியவர்கள்' போதும்.

மூன்றாவது 'உயிராபத்து'. அதைத் தனியே சொன்னால் பயம் மட்டுமே மிஞ்சும். 'நேரத்தோடு மருந்து எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். பிந்தினால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகி உயிருக்கு ஆபத்தாகலாம்' என்றால் உண்மை குறையவில்லை. ஆபத்தோடு வழியும் தெரிகிறது. ஆபத்தை மறைத்து எழுதுவதும் பிழைதான். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று வாசித்தவர் பனடோலோடு நான்கு நாள் வீட்டில் படுத்திருப்பார்.

நான்காவது 'உடனடியாக'. யாழ்ப்பாண நகரில் அது அரை மணி நேரம். நெடுந்தீவிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டியவருக்கு அது படகு நேரம். காய்ச்சலோடு இரவைக் கழித்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பவருக்கு 'இன்றே, கடைசிப் படகுக்கு முன்னர்' என்று எழுதினால்தான் அவசரம் விளங்கும்.

தடுப்பு மருந்து பற்றிய வரியிலும் கவனம் வேண்டும். 'தடுப்பு மருந்து' என்றால் ஒருமுறை போடும் ஊசி என்று பலர் எண்ணுவார்கள். இது டொக்சிசைக்கிளின் மாத்திரை; சேற்றில் வேலை செய்யும் காலம் முழுவதும் கிழமைக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆகவே 'பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்டு எடுங்கள்' என்பதும் அதே வரியில் வர வேண்டும்.

திருத்தி எழுதியபோது அறிவித்தல் இப்படி அமைந்தது:

"கடந்த ஒரு மாதத்துக்குள் வயலிலோ வெள்ளத்திலோ இறங்கினீர்களா? இப்போது காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு இருக்கிறதா? இன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தோடு மருந்து எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். பிந்தினால் உயிருக்கு ஆபத்தாகலாம். நோயாளியோடு பேசுவதால், பக்கத்தில் இருப்பதால் இது தொற்றாது."

'ஒரு மாதம்' என்றதற்குக் காரணம் உண்டு. கிருமி புகுந்து இரண்டு நாளிலும் காய்ச்சல் வரலாம். முப்பது நாள் கழித்தும் வரலாம். 'இருக்கலாம்' என்ற சொல்லையும் சுருக்குவதற்காக வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் டெங்குக் காய்ச்சல்காரரும் தனக்கு எலிக்காய்ச்சல் என்றே முடிவு கட்டிவிடுவார்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிக்கும் முன்னர், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது யாருக்கு? என்ன கண்டால்? எப்போது, எங்கே போக வேண்டும்? அவர் தடுமாறினால் எழுத்தைத் திருத்த வேண்டும். 'சரியான பயமாக இருக்கு' என்று மட்டும் சொன்னாலும் திருத்தத்தான் வேண்டும்.