பார்சல் சோறும் மலைப்பாதை வாந்தியும்

ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ நண்பர்கள் பத்துப் பேர் வேன் பிடித்தால், காலை ஆறு மணிக்கே ஓட்டலில் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சட்னியும் சுடச்சுடப் பார்சல் வாங்கிவிடுகிறார்கள். அது பின்சீட்டில் வெயிலில் கிடக்கிறது. மதியம் இரண்டு மணிக்குப் பிரித்து மோந்து பார்த்து, "கெடலைடா, சாப்பிடலாம்" என்கிறார்கள். மாலையில் இறங்கும்போது வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது.

மோந்து பார்ப்பது சோதனையே அல்ல. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாசனை மாறாது. திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும்.

பார்சலுக்குப் பதில் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குப் புளியோதரை போதும். ஒரு கிலோ அரிசி, 150 கிராம் புளி, கால் லிட்டர் நல்லெண்ணெய். புளிக்காய்ச்சலை முந்தின நாளே எண்ணெய் பிரியக் காய்ச்சி வையுங்கள். சோற்றை மட்டும் கிளம்பும் அன்று விடியற்காலையில் உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளங்களில் மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஆற விட்டுப் பிசையுங்கள். ஒரு பருக்கைகூட வெள்ளையாகத் தெரியக் கூடாது. புளி ஏறாத இடம் முதலில் கெடும். ஆறாமல் கட்டினால் ஆவி நீராகக் கோத்துக்கொள்ளும். ஆற விட்டே கட்டுங்கள். அனலில் வாட்டிய வாழையிலையில் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினால் கழுவவும் ஒன்றும் இருக்காது. தொட்டுக்கொள்ள அப்பளம், மாங்காய்த் தொக்கு. சாயங்காலத்துக்குக் கடலை உருண்டை, வாழைப்பழம். தேங்காய் போட்ட எதுவும் வேண்டாம். புளியோதரையும் மதியத்துக்குத்தான், மிச்சத்தை ராத்திரிக்கு வைக்காதீர்கள்.

கடையில்தான் வாங்குவேன் என்பவர் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பலர் உடம்புக்கு வந்ததும் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புகார் கொடுக்கப் போகிறார்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வியே "பில் இருக்கா, மிச்சம் இருக்கா" என்பதுதான். மிச்சத்தை மூடி, முடிந்தவரை சீக்கிரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மருத்துவர் சீட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று எழுதச் சொல்லுங்கள். புகார் போக வேண்டியது அந்த ஓட்டல் இருக்கும் மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு. உங்கள் ஊர் அலுவலருக்கு அல்ல. பில்லிலோ கடைச் சுவரிலோ இருக்கும் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் அதில் எழுதுங்கள்.

ஆனால் அந்த அலுவலர் கடைமீது நடவடிக்கை எடுப்பாரே தவிர, ஆஸ்பத்திரிச் செலவை வாங்கித் தரமாட்டார். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் பில்லைத்தான் கேட்பார்கள்.