பிளாக் பெல்ட்... 48 லட்சம் சேமிப்பு... ரெஸ்யூமேயில் இருப்பது நிஜமா? செக் பண்ணுவது எப்படி?

'லீன் சிக்ஸ் சிக்மா பிளாக் பெல்ட். ரிஜக்‌ஷனைக் குறைத்து ஆண்டுக்கு 48 லட்சம் ரூபாய் சேமித்தேன்.'

குவாலிட்டி இன்ஜினீயர் ரெஸ்யூமேக்களில் இந்த மாதிரி வரியை அடிக்கடி பார்க்கலாம். படிக்க கெத்தாகத்தான் இருக்கும். ஆனா, ஆள் எடுப்பவர் இதில் எதைப் பார்க்கிறார்? ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனி, 'கிரீன் பெல்ட் கட்டாயம், பிளாக் பெல்ட் இருந்தால் நல்லது. மெஷினிங் லைனில் ஆண்டுக்கு 15 லட்சமாவது சேமித்த புராஜெக்ட் வேண்டும்' என்று விளம்பரம் கொடுத்திருக்கிறது. அதற்கு இந்த ரெஸ்யூமே வந்திருக்கிறது.

பெல்ட் யார் கொடுத்தது?

கராத்தே மாதிரியே இங்கேயும் யெல்லோ, கிரீன், பிளாக், மாஸ்டர் பிளாக் என்று படிநிலைகள் உண்டு. சிக்கல் என்னன்னா, எல்லா பெல்ட்டுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. அமெரிக்காவின் ஏ.எஸ்.க்யூ அமைப்பின் பிளாக் பெல்ட் தேர்வு எழுத, முடித்த புராஜெக்ட் இரண்டு காட்ட வேண்டும். அல்லது ஒரு புராஜெக்ட்டோடு மூன்று வருட அனுபவம் வேண்டும். அதே பெயரில் ஐ.ஏ.எஸ்.எஸ்.சி தரும் சான்றிதழுக்குத் தேர்வில் பாஸானால் போதும், புராஜெக்ட் தேவையில்லை. வார இறுதி ஆன்லைன் கோர்ஸ் முடித்தாலும் பிளாக் பெல்ட் தரும் இடங்கள் இருக்கின்றன.

அதனால், வெறுமனே 'பிளாக் பெல்ட்' என்று போட்டிருந்தால், கொடுத்தது யார், எந்த ஆண்டு, புராஜெக்ட் கேட்டார்களா என்ற மூன்றையும் தேடுவார்கள். அது இல்லையென்றால், முழு புராஜெக்ட்டோடு வரும் கிரீன் பெல்ட்காரர்தான் முந்துவார்.

48 லட்சம் எங்கிருந்து வந்தது?

லைனில் மாதம் 50,000 பாகங்கள் ஓடுகின்றன. ரிஜக்‌ஷன் 4 சதவிகிதத்திலிருந்து 1.5-க்கு இறங்கியது. அதாவது மாதம் 1,250, வருஷத்துக்கு 15,000 பாகங்கள் தப்பித்தன. ஒரு பாகத்தின் விற்பனை விலை 320 ரூபாய். பெருக்கினால், கரெக்டாக 48 லட்சம்!

இங்கேதான் பிடிபடும். ஸ்கிராப் ஆன பாகத்தில் கம்பெனி இழப்பது விற்பனை விலையை அல்ல. மெட்டீரியலுக்கும் மெஷினிங்குக்கும் செலவான 180 ரூபாயைத்தான். அதிலும் ஸ்கிராப்பை விற்று 40 ரூபாய் திரும்ப வந்துவிடும். மிச்சம் 140. அதை 15,000-ஆல் பெருக்கினால் 21 லட்சம். புது ஃபிக்ஸ்சருக்கு 3 லட்சம் செலவானது என்றால், முதல் வருஷ நிகர சேமிப்பு 18 லட்சம்தான்.

லைன் முழுக் கொள்ளளவில் ஓடி, ஆர்டரும் காத்திருந்தால் கதை வேறு. தப்பித்த ஒவ்வொரு பாகமும் கூடுதலாக விற்கும் என்பதால், விற்பனை விலையை வைத்துக் கணக்குப் போடலாம். ஆனா, அதை ரெஸ்யூமேயிலேயே சொல்லியிருக்கணும்.

வேடிக்கை என்ன தெரியுமா? விளம்பரம் கேட்டது 15 லட்சம். உண்மையான 18 லட்சமே போதும். பெரிதாக்கிய 48 லட்சம்தான் இன்டர்வியூவில் ஆளைக் கவிழ்க்கும்.

அடுத்து வரும் கேள்விகள்

முதலில், 'ஃபைனான்ஸில் கையெழுத்து வாங்கினீங்களா?' என்பார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட, கணக்குப் புத்தகத்தில் தெரியும் பணத்தைத்தான் 'ஹார்டு சேவிங்ஸ்' என்பார்கள். 'ஆபரேட்டருக்கு தினம் அரை மணி நேரம் மிச்சம்' என்பது 'சாஃப்ட் சேவிங்ஸ்'. அந்த நேரம் ஓவர்டைமைக் குறைக்காதவரை சம்பளச் செலவு அப்படியேதான் இருக்கும். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகப் போட்டால் சந்தேகம் வரும்.

அடுத்து, 'அளக்கும் கருவியைச் சோதித்தீங்களா?' கேஜ் ஆர் அண்டு ஆர் சோதனையில் பிழை 10 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. கேஜ் தப்பாகக் காட்டியதைத் திருத்தியதாலேயே ரிஜக்‌ஷன் குறைந்திருக்கலாம். நல்ல வேலைதான், ஆனா, மெஷினிங்கை மேம்படுத்தியதாகச் சொல்ல முடியாது.

கடைசியாக, 'ஆறு மாசம் கழிச்சு எவ்வளவு இருந்துச்சு?' 1.5 மறுபடியும் 3-க்கு ஏறியிருந்தால், வருஷக் கணக்கில் சொன்ன சேமிப்பு அங்கேயே உடைந்துவிடும்.

அப்போ எப்படி எழுதணும்?

'மெஷினிங் லைன் ரிஜக்‌ஷன் 4 சதவிகிதத்திலிருந்து 1.5. ஆறு மாதமாக அதே அளவு. முதல் ஆண்டு நிகர ஹார்டு சேவிங்ஸ் 18 லட்சம், ஃபைனான்ஸ் ஒப்புதலோடு. என் பொறுப்பு: புராஜெக்ட் லீடர்.'

தொகை 48-லிருந்து 18-ஆக இறங்கிவிட்டது. ஆனா, இந்த வரியில் எதைக் கேட்டாலும் பதில் சொல்லலாம்.