சிறு குடும்பம் ஏன் ‘சீரான வாழ்வு’ ஆனது?

உங்கள் ஊராட்சிக்கோ பள்ளிக்கோ ஒரு சுவரொட்டி வருகிறது. வாசகம் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘அப்படியே தமிழில் போட்டுக் கொடுங்கள்’ என்கிறார்கள். அப்படியே போட்டால் என்ன ஆகும்?

குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியில் ‘சோட்டா பரிவார், சுகீ பரிவார்’ என்று எழுதினார்கள். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘சிறிய குடும்பம், மகிழ்ச்சியான குடும்பம்’. பொருளில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘மகிழ்ச்சியான’ என்ற நீண்ட சொல் நடுவில் வந்து ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது.

தமிழ்ச் சுவர்களில் நிலைத்தது ‘சிறு குடும்பம், சீரான வாழ்வு’. இந்தியில் ‘பரிவார்’ இருமுறை வருவதால் ஓசை கிடைத்தது. தமிழில் அதே வேலையை ‘சிறு’, ‘சீரான’ என்ற மோனை (சொற்களின் முதலெழுத்து ஒத்து வருவது) செய்கிறது. இப்படிப் பொருளை வைத்துக்கொண்டு வாசகத்தைப் புதிதாகக் கட்டுவதைத் தழுவல் என்கிறோம்.

அப்படியானால் நேர் மொழிபெயர்ப்பே கூடாதா? அப்படியில்லை. அதே திட்டத்தின் ‘ஹம் தோ, ஹமாரே தோ’ ஏறக்குறைய அப்படியே ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ ஆனது. எல்லோருக்கும் பாடமும் ஆனது. ஆனால் அதிலும் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன, கவனியுங்கள்.

இந்தியின் ‘ஹம்’ என்பதற்குத் தமிழில் ‘நாங்கள்’, ‘நாம்’ என்று இரண்டு உண்டு. ‘நாங்கள் இருவர், எங்களுக்கு இருவர்’ என்றால், ஒரு தம்பதி வெளியாளிடம் தங்கள் குடும்பக் கணக்கைச் சொல்வதுபோல ஆகிவிடும். ‘நாம்’ என்றதும் கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும் குரல் வந்துவிடுகிறது. ‘தோ’ என்ற எண்ணும் ‘இரண்டு’ ஆகாமல் ‘இருவர்’ ஆனதால், குழந்தைகளும் பெற்றோருக்குச் சமமான ஆட்களாக எண்ணப்படுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சுவரொட்டி வாசகம் இதுதான்.

பழமொழி வந்தால் என்ன செய்வது? ‘குணப்படுத்துவதைவிடத் தடுப்பது மேல்’ என்பது ஆங்கிலப் பழமொழியின் நேர் வடிவம். படிப்பவர் அதைப் புரிந்துகொள்வார், ஆனால் அது அவர் வீட்டில் புழங்கும் பேச்சாக இராது. ‘வருமுன் காப்போம்’ என்று தமிழக அரசு தன் மருத்துவ முகாம் திட்டத்துக்குப் பெயர் வைத்தபோது, பள்ளியில் படித்த 435-ஆம் குறள் பலருக்கு நினைவுக்கு வந்திருக்கும். ‘காப்போம்’ என்பதால் அதில் அதிகாரத் தொனியும் இல்லை. ‘தடு’ என்றால் அதட்டல், ‘தடுங்கள்’ என்றால் வேண்டுகோள், ‘-ஓம்’ என்று முடித்தால் எழுதியவரும் உடன் நிற்கிறார்.

தழுவலில் எதையும் இழக்க மாட்டோமா? இழப்போம். ‘ஸ்பீட் த்ரில்ஸ் பட் கில்ஸ்’ என்ற சாலை வாசகத்தைப் பாருங்கள். ‘வேகம் சிலிர்ப்பூட்டும், ஆனால் கொல்லும்’ என்றால் இயைபும் போய்விடும், வண்டியில் போகிறவர் படித்து முடிக்கவும் நேரமிராது. நம் சாலைகளில் உள்ள ‘மித வேகம், மிக நன்று’ கண் பட்ட நொடியில் மனதில் பதிகிறது. ஆனால் சாவைப் பற்றிய எச்சரிக்கை அதில் இல்லை. அந்த அச்சம்தான் முக்கியம் என்றால், அந்த வாசகம் போதாது. வேறு எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது? மூல வாசகத்தை மூடி வையுங்கள். படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சாதாரணப் பேச்சில் ஒரு வரியாக எழுதுங்கள். அந்த வரியிலிருந்து நான்கைந்து சொல் வாசகங்கள் சிலவற்றைக் கட்டிப் பாருங்கள். எழுதச் சொன்னவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மறுபெயர்ப்பையும் (நீங்கள் எழுதியதன் பொருளை அவர் மொழியில் திரும்பச் சொல்வது) சேர்த்துக் கொடுங்கள். என்ன கூடியது, என்ன விடுபட்டது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அந்தச் சுவரொட்டி யாருக்கானதோ, அவர்களில் சிலரிடம் காட்டுங்கள். ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ‘புரிகிறது’ என்றே சொல்வார்கள். ‘இது உங்களை என்ன செய்யச் சொல்கிறது?’ என்று கேளுங்கள். வாசகத்தையே திருப்பிப் படித்தால் சேரவில்லை என்று பொருள். தன் சொந்தச் சொல்லில் சொன்னால் சேர்ந்துவிட்டது.

இந்தச் சுதந்திரம் தலைப்பு வாசகத்துக்கு மட்டும்தான். போலியோ சொட்டு மருந்துச் சுவரொட்டியில் தலைப்பை எப்படி வேண்டுமானாலும் தழுவலாம். கீழே உள்ள நாள், நேரம், இடம், ‘5 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்ற வரி ஆகியவற்றில் ஓர் எழுத்துகூட நகரக் கூடாது. அந்தப் பகுதியை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.